சாளைக்குள் படுத்தவன் மீனுக்குள் படுக்கவில்லை: வட்டார நாவலுக்கு அடிக்குறிப்பு எழுதியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பதிப்பாசிரியர் குழுவினருக்கு,

நீங்கள் சென்ற ஆண்டு மறுபதிப்பாகக் கொண்டுவந்த கொங்கு நாவலின் 57ஆம் பக்கத்தில், ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு வந்த ஓர் ஆள் சாளைக்குள் போய்ப் படுக்கிறான். அந்தச் சொல்லின் தலையில் 6 என்று பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கிறது. பக்கத்தின் அடியில் தேடினால் கிடைப்பது: ‘சாளை – ஒரு வகைக் கடல் மீன்.’

தூத்துக்குடியிலும் குமரிக் கரையிலும் சாளை என்றால் மீன்தான். ஆனால் கதை நடப்பது காங்கேயத்துக்குத் தெற்கே, கடலைக் கண்ணால் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஊரில். அங்கே சாளை என்றால் காட்டிலோ தோட்டத்திலோ போட்டிருக்கும் குடிசை, சின்ன வீடு. உங்கள் அடிக்குறிப்பை நம்பிப் படிக்கும் பிள்ளை, பகலெல்லாம் ஆடு மேய்த்த மனிதனை ஒரு மீனுக்குள் படுக்க வைக்க வேண்டியிருக்கிறது.

இதைச் சிரித்துவிட்டு விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உங்கள் முகவரிக்கு இரண்டு கடிதம் எழுதினேன். முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவதற்குத் தொலைபேசியில் ஒருவர் பேசினார். “எல்லாம் வாசகர் வசதிக்காகத்தாம்மா. சிட்டில இருக்கற பசங்களுக்கு இந்த வார்த்தையெல்லாம் புரியாது” என்றார். மூன்றாம் அச்சும் இப்படியே வரப்போகிறது என்பதையும் அவரே சொன்னார். அதனால் இந்த மடலை எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

நான் எழுத்தாளர் அல்ல. தபால் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பிறந்து வளர்ந்தது அந்த நாவல் நடக்கும் பக்கத்து ஊர். என் அய்யன் கவலை ஓட்டியவர். இப்போது மகன் வீட்டில் சென்னையில் இருக்கிறேன். அந்த நாவலின் முதல் பதிப்பு என்னிடம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, வரிக்கு வரி ஒத்துப் பார்த்த பிறகே பேசுகிறேன்.

நீங்கள் செய்திருப்பவை மூன்று. ஆசிரியர் தம் கையாலேயே எழுதிக் கடைசியில் சேர்த்திருந்த ஏழு பக்கச் சொல்விளக்கத்தை எடுத்துவிட்டீர்கள். அதற்குப் பதிலாகப் பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு போட்டீர்கள். இவை இரண்டுமாவது கண்ணுக்குத் தெரிகின்றன. மூன்றாவது தெரியாது: சில இடங்களில் ஆசிரியரின் வாக்கியத்தையே பிழை என்று நினைத்துத் திருத்திவிட்டீர்கள். ஆசிரியர் இன்று உயிரோடு இல்லை, கேட்பதற்கு.

முதல் அத்தியாயம் பதினொரு பக்கம். அதில் 43 அடிக்குறிப்புகள். ‘ஒரம்பரை – உறவினர், விருந்தினர்.’ அந்த வாக்கியம் எப்படி இருக்கிறது என்றால், வாசலில் வண்டி வந்து நிற்கிறது, நாலு பேர் இறங்குகிறார்கள், உள்ளேயிருந்து கிழவி “ஒரம்பரை வந்திருக்குது, சட்டியில அரிசி கூடப் போடு” என்கிறாள். இதற்கு அடிக்குறிப்பு எதற்கு? ‘தூக்குப்போசி – உணவு எடுத்துச் செல்லும் பாத்திரம்’ என்று இன்னொன்று. பையன் அதைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போகிறான், மரத்தடியில் மூடியைத் திறந்து கம்மஞ்சோறு தின்கிறான். ‘சீமாறு – துடைப்பம்.’ அவள் அதை எடுத்து வாசல் கூட்டுகிறாள். ஆசிரியர் சொல்லையும் வைத்து, அதன் பக்கத்திலேயே அது செய்யும் வேலையையும் வைத்திருக்கிறார். அவர் ஏற்கெனவே விளக்கிவிட்டதை நீங்கள் மறுபடி விளக்குகிறீர்கள். 43இல் 30க்கு மேல் இந்த வகைதான்.

என் மருமகள் திருவாரூர்ப் பக்கத்துப் பெண். நிறையப் படிப்பவள், கொங்குப் பேச்சு எங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் காதில் விழுந்தது. அவளிடம் முதல் பதிப்பைக் கொடுத்தேன். பின்னால் இருக்கும் விளக்கத்தைப் பார்க்கக் கூடாது, தெரியாத சொல்லின் கீழ் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் என்னவாக இருக்கும் என்று எழுதிவிட வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. அவளுடைய தம்பி விடுமுறைக்கு வந்திருந்தான், கல்லூரி மாணவன். அவன் கையில் உங்கள் பதிப்பு.

மூன்று நாள் கழித்து மூவரும் உட்கார்ந்தோம். முதல் அத்தியாயத்தில் மருமகள் கோடு போட்டிருந்தது 29 சொற்களுக்கு. அவற்றில் 24 சரி. ‘இட்டேரி’க்கு ‘சந்து போல ஒரு வழி’ என்று எழுதியிருந்தாள், அதைப் பாதி சரி என்று வைத்துக்கொள்ளலாம். ‘தாட்டி உட்டான்’ என்பதற்கு முதல் தடவை ‘தாண்டிவிட்டான்?’ என்று எழுதி, ஆறு பக்கம் தள்ளி அதே சொல் வந்தபோது தானே அடித்துவிட்டு ‘அனுப்பிவிட்டான்’ என்று திருத்தியிருந்தாள். அந்தத் திருத்தத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஒரு குழந்தை பேச்சுக் கற்பது அப்படித்தானே.

தம்பியிடம் கேட்டால் கதை தெரிகிறது, சொற்கள் ஒன்றும் நினைவில்லை. “கீழ பாத்தேன், மேல போனேன், அவ்வளவுதான்” என்றான். ஒரம்பரை என்றால் என்னடா என்றால் திருதிருவென்று விழித்தான். அவன் மேல் தப்பில்லை. பதில் கீழேயே இருந்தால் யார் மெனக்கெட்டு யோசிப்பார்கள்?

இதை வைத்து ‘அடிக்குறிப்பே வேண்டாம், எல்லாவற்றையும் ஊகித்துக்கொள்ளலாம்’ என்று நான் சொல்ல வரவில்லை. ஏனென்றால் அதே மருமகள், கோடே போடாத ஒரு சொல்லால் நாவலின் பாதியைத் தப்பாகப் படித்திருந்தாள். அந்தச் சொல் ‘காடு’.

எங்கள் பக்கம் காடு என்றால் வனம் இல்லை. மழையை நம்பி விதைக்கும் நிலம். கிணறு வெட்டி இறைத்துப் பாய்ச்சினால் அதற்குப் பேர் தோட்டம். வாய்க்கால் தண்ணீர் பாய்ந்தால் வயல். இந்த மூன்று சொல்லில் ஒரு குடும்பத்தின் மொத்த நிலைமையும் வந்துவிடும். நாவலில் பெண் கேட்டு வந்தவர்கள் போன பிறகு பெண்ணின் தகப்பன், “பத்து ஏக்கராங்கறாங்க, அத்தனையும் காடு” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போகிறான். அதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது. அடுத்த பத்து அத்தியாயம் அந்த ஒரு வரியிலிருந்து கிளம்புகிறது. மருமகள் அதை எப்படிப் படித்தாள் தெரியுமா? “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காட்டுக்குள்ள இருக்காங்க, புலி சிறுத்தை வரும்னு பயந்து வேணாம்னுட்டார்னு நெனச்சேன் அத்தை” என்றாள். வெயில் காய்ந்து கிடக்கும் கரட்டு நிலத்தில் அவள் மனசு மரம் மரமாக நட்டுவைத்திருக்கிறது. நூறு பக்கம் வரை அந்த மரங்கள் நின்றிருக்கின்றன.

இந்த இடத்தில்தான் நீங்கள் அடிக்குறிப்பு போட்டிருக்க வேண்டும். போடவில்லை. ‘காடு’ யாருக்குத்தான் தெரியாது என்று விட்டுவிட்டீர்கள்.

ஒரம்பரை, போசி, சீமாறு எல்லாம் முரட்டுச் சொற்கள். கண்ணில் பட்டவுடனே ‘எனக்கு உன்னைத் தெரியாது’ என்று தோன்றிவிடும். தெரியாது என்று தெரிந்தால் வாசகர் நின்று நிதானித்து, முன்னே பின்னே பார்த்து ஊகித்துக்கொள்வார். காடு அப்படி இல்லை. தெரிந்த முகத்தோடு வந்து நிற்கும். ஊகிக்க வேண்டும் என்றே தோன்றாது. ‘தோட்டம்’ என்றால் பூச்செடி நினைவுக்கு வரும். ‘பொழுதோட வாரனுங்க’ என்று ஒருத்தி சொன்னால், நேரத்தோடே வந்துவிடுவாள் என்று வெளியூர்க்காரர் எடுத்துக்கொள்வார், அவளோ சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போகிறாள். நாவலில் அவளுக்காகக் காத்திருப்பவனின் எரிச்சல், நேரம் தவறியதால் வந்ததா, அவன் குணத்தால் வந்ததா என்பதே இதனால் மாறிப்போகிறது. இப்படித் தெரிந்த சொல் போலத் தோன்றி வேறு பொருள் சொல்பவை அந்த நாவல் முழுக்கப் பார்த்தால் இருபதுக்குள்தான் இருக்கும். உங்கள் நானூறு சொச்சம் அடிக்குறிப்புகளில் அந்த இருபதில் நாலுகூட இல்லை.

அவற்றில் பெரியது ‘கவலை’. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் ஆசிரியரின் வரியைத் திருத்தியது இங்கேதான்.

முதல் பதிப்பில் ஓர் அத்தியாயம் இப்படித் தொடங்கும்: ‘கோழி கூப்பிடும்போதே அப்பன் கவலை ஓட்ட ஆரம்பித்திருந்தான்.’ உங்கள் பதிப்பில்: ‘கோழி கூப்பிடும்போதே அப்பன் கவலையை ஓட்ட ஆரம்பித்திருந்தான்.’ ஒரே ஓர் ‘ஐ’. பிழை திருத்துபவர் நல்லெண்ணத்தில்தான் போட்டிருப்பார், வேற்றுமை உருபு விட்டுப்போய்விட்டது என்று. அந்த ஓர் எழுத்தில், இருட்டோடு எழுந்து மாடு பூட்டி உழைத்துக்கொண்டிருந்த மனிதன், விடியற்காலையில் உட்கார்ந்து மனக்கவலையை விரட்டிக்கொண்டிருப்பவன் ஆகிவிட்டான்.

கவலை என்பது கிணற்றிலிருந்து மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் ஏற்பாடு. தெற்கே கமலை என்பார்கள். கிணற்று மேட்டில் மரம் நட்டு உருளை மாட்டியிருக்கும். தண்ணீர் மொண்டு வரும் பெரிய பாத்திரத்துக்குப் பறி என்று பேர். பறியின் அடியில் தோலால் தைத்த நீளமான வால் போன்ற ஒன்று தொங்கும், அது தும்பி. பறிக்கு ஒரு கனத்த வடக்கயிறு, தும்பியின் நுனிக்கு ஒரு மெல்லிய வால்கயிறு. இரண்டு கயிறும் மாட்டின் நுகத்தோடு கட்டியிருக்கும். கிணற்றிலிருந்து வெளியே சரிவாக வெட்டிய பாதையில், அதை வாரி என்போம், மாடுகள் இறங்கி நடக்கும்போது பறி நிறைந்து மேலே வரும். வரும்வரை தும்பி மேல்நோக்கி மடங்கி இருப்பதால் தண்ணீர் சிந்தாது. மேலே வந்ததும் வால்கயிறு தும்பியை வெளிப்பக்கம் இழுத்து நீட்டிவிடும், தண்ணீர் அதன் வழியாகத் தொட்டியில் கொட்டி வாய்க்காலில் ஓடும். பிறகு மாடுகள் பின்னாலேயே நடந்து மேடேற வேண்டும், பறி மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். இறக்கத்தில் போகும்போது ஓட்டுகிற ஆள் வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்துகொள்வார். அவருடைய பாரமும் மாட்டுக்கு உதவி. என் அய்யன் அந்தக் கயிற்றில் உட்கார்ந்தபடியே பாடுவார். நான் வாய்க்காலில் மடை மாற்றிவிடுவேன்.

நாவலில் அந்த அத்தியாயத்தின் முடிவில் வடக்கயிறு அறுகிறது. அப்பன் கயிற்றின் மேல் உட்கார்ந்திருந்தான் என்று ஆசிரியர் எங்கேயும் சொல்வதில்லை. சொல்லத் தேவையில்லை, அவருடைய வாசகருக்குத் தெரியும். கயிறு அறுந்தால் ஆள் வாரியில் விழுவார், கனம் போன மாடுகள் நிலைகுலையும். அடுத்த வரியில் ‘பண்ணாடிச்சி ஓடி வந்தாள்’ என்று வரும். கவலை ஓட்டுவதைப் பார்க்காத ஒருவருக்கு இந்த இடத்தில் என்ன புரியும்? ஒரு கயிறு அறுந்ததற்கு எதற்கு இத்தனை ஓலம் என்றுதான் தோன்றும். என் மருமகளுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது. எங்கள் ஊரிலேயே, மின்சார மோட்டார் வந்த பிறகு பிறந்த என் அண்ணன் பேரனுக்கும் அப்படித்தான் தோன்றும். ஆக இது ஊகத்துக்கு அகப்படாது. பொருளே உலகத்திலிருந்து போன பிறகு வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் படித்து என்ன பயன்?

பின்னால் 140ஆம் பக்கத்தில் ‘கவலை’க்கு ஒரு வழியாக அடிக்குறிப்பு வருகிறது: ‘ஏற்றம்.’ அதுவும் தவறு. ஏற்றம் என்பது ஆள் மேலே ஏறி நடந்து மிதித்தோ, கையால் இழுத்தோ இறைப்பது. அதில் மாடும் இல்லை, வாரியும் இல்லை, அறுந்து விழ வடக்கயிறும் இல்லை. ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல் என்று கணக்குத் தீர்ப்பதில் வரும் வினை இது. ‘இட்டேரி – பாதை’ என்பதும் அப்படியே. இரண்டு பக்கமும் கிளுவை வேலி ஆள் உயரத்துக்கு நிற்க, நடுவில் ஒரு வண்டி மட்டும் போகிற அகலத்தில் இருப்பது இட்டேரி. எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒன்று பின்வாங்கியே ஆக வேண்டும். பங்காளிகள் இருவர் இட்டேரியில் எதிர்ப்படும் காட்சியில் யார் வண்டியைப் பின்னால் தள்ளுவது என்பதுதான் சண்டையே. ‘பாதை’ என்று படித்தவர், விலகிப் போனால் தீர்ந்ததே என்று நினைப்பார்.

உறவுமுறையில் இன்னும் மோசம். ‘அப்புச்சி – தாத்தா’ என்று போட்டிருக்கிறீர்கள். அப்புச்சி அம்மாவின் அப்பா. அப்பாவின் அப்பாவை அப்படி அழைக்க மாட்டோம். புருஷன் வீட்டில் அடி வாங்கிய அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் ‘அப்புச்சி ஊட்டுக்குப் போலாம்மா’ என்று அழுகிறான். அவன் சொல்வது, உன் பிறந்த வீட்டுக்குப் போய்விடலாம் என்று. ‘தாத்தா வீடு’ என்று படித்தால் அது எந்தத் தாத்தா? செட்டிநாட்டில் அப்பச்சி என்றால் அப்பா என்பதையும் சொல்லி வைக்கிறேன், அடுத்து அந்தப் பக்கத்து நாவலில் கை வைப்பீர்கள் என்றால் உதவும்.

இன்னொரு பக்கத்தைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. சாவு வீட்டில் மகள் ஒப்பாரி வைக்கிறாள்: ‘என்னப் பெத்த அய்யனே.’ அய்யனின் தலையில் 3. கீழே, ‘அய்யன் – தந்தை.’ பெத்த என்று அவளே அழுதுகொண்டு சொல்கிறாள், அதற்கப்புறமும் அய்யன் யார் என்று ஒருவர் கீழே குனிந்து பார்த்துவிட்டு வர வேண்டுமா? என் அய்யன் செத்தபோது நான் அழுத வார்த்தை அது. அதன் மேல் எண் குத்தியிருப்பதைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

இதற்கு நேர்எதிரான கட்சி ஒன்று இருப்பதும் எனக்குத் தெரியும். ‘வட்டார நாவலுக்கு விளக்கமே கூடாது, ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி பார்க்கிறவன் இதற்கும் மெனக்கெடட்டும்’ என்பார்கள். ஈழத்துக் கதைகளுக்கு அடிக்குறிப்பு வேண்டும் என்று இங்கிருந்து சிலர் சொன்னபோது அங்கே எழுந்த கோபமும் இதுதான். நியாயமான கோபம். யாருடைய பேச்சுக்கு விளக்கம் தேவை, யாருடையதற்குத் தேவையில்லை என்பதை யார் முடிவு செய்வது? தஞ்சாவூர் அக்கிரகாரத்துக் கதைகளில் ‘ரேழி’க்கு எண் போட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் ரேழி கிடையாது. நானாகத்தான் ஊகித்துக்கொண்டேன்.

ஆனாலும் அந்தக் கட்சியில் என்னால் முழுசாகச் சேர முடியவில்லை. காரணம் என் சொந்த அனுபவம். சில வருடத்துக்கு முன் ஒரு கடற்கரை நாவல் படித்தேன். எங்கள் மொழிதானே, பார்த்துக்கொள்ளலாம் என்ற திமிரில் பின்னால் இருந்த சொல்பட்டியலைத் தொடவே இல்லை. அதில் ஒரு கிழவர், கொண்டல் வலுத்துவிட்டது, இன்றைக்கு மரம் இறக்க வேண்டாம் என்ற பொருளில் ஏதோ சொல்வார். கொண்டல் என்றால் எனக்கு மேகம். மழை வரும்போல் இருக்கிறது, லாரியிலிருந்து மரம் இறக்க வேண்டாம் என்கிறார் என்று படித்துக்கொண்டே போனேன். விறகுக் கடை வைத்திருப்பார் போல என்றுகூட நினைத்தேன். கடற்கரையில் கொண்டல் என்றால் கிழக்கேயிருந்து அடிக்கும் காற்று. மரம் என்றால் கட்டுமரம். கிழவர் காற்றின் குறிப்பறிந்து பிள்ளைகளைக் கடலுக்குப் போகாமல் தடுக்கிறார், அவர்கள் கேட்காமல் போகிறார்கள். நான் விறகுக் கடையிலேயே இருந்தேன். புத்தகம் முடிந்த பிறகு சும்மா சொல்பட்டியலைப் புரட்டியபோதுதான் ‘மரம்’ கண்ணில் பட்டது. மருமகளின் காட்டு மரங்களைக் கேலி செய்ய எனக்கு அருகதை இல்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எந்த வட்டார நாவலானாலும், பின்னால் சொல்விளக்கம் இருந்தால் முதலில் அதை ஒரு ஓட்டம் ஓட்டிவிடுவேன். படித்து மனப்பாடம் செய்ய அல்ல. எனக்குத் தெரிந்த சொற்கள் அந்தப் பட்டியலில் எதற்காக உட்கார்ந்திருக்கின்றன என்று பார்க்க மட்டும். காடு, மரம், கவலை மாதிரி ஏழெட்டுத் தேறும். அதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். தெரியாத சொற்களை அப்படியே விட்டுவிட்டு நாவலுக்குள் போய்விடுவேன். அத்தியாயம் முடியும்போது ஊகித்ததைச் சரிபார்த்துக்கொள்வேன். இப்படிப் படிக்க, விளக்கம் கடைசியில் ஓரிடத்தில் இருக்க வேண்டும். நானூறு துண்டாகப் பக்கத்தின் அடியில் சிதறிக் கிடந்தால் முடியாது.

நீங்கள் எடுத்துவிட்ட அந்த ஏழு பக்கம் அப்படித்தான் இருந்தது. அகர வரிசைகூட இல்லை. ஆசிரியர் கிணறு, கட்டுத்தரை, வேலி, சமையல், உறவு என்று இடம் இடமாகப் பிரித்து எழுதியிருந்தார். கிணற்றின் கீழ் கவலையின் உறுப்புகள் வரிசையாக வரும், கூடவே ‘கயிறு அறுந்தால் ஆள் பிழைப்பது அரிது’ என்று ஒரு வரி. கதையில் சொல்லாமல் விட்டதை அங்கே வைத்திருந்தார். ஒரம்பரைக்கும் சீமாறுக்கும் அதில் இடமே இல்லை. தம் வாசகர் எங்கே தடுக்கி விழுவார், எங்கே தானாக எழுந்துகொள்வார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இது ஒன்றும் புது வித்தை இல்லை. சிலப்பதிகாரத்துக்கு இருக்கும் பழைய உரை ஒன்றின் பேரே அரும்பதவுரை. எழுதியவர் பேர்கூடத் தெரியாது, அரும்பதவுரையாசிரியர் என்றே சொல்கிறோம். அரிய பதத்துக்கு மட்டும் உரை, மற்றதை நீயே பார்த்துக்கொள் என்ற கணக்கு. 1892இல் உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தபோது அடியார்க்குநல்லார் உரையோடு அதையும் சேர்த்தே அச்சிட்டார். முன்னால் இருந்தவர் எழுதியதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தம் குறிப்பை மட்டும் வைக்கவில்லை. தொல்காப்பியத்தின் திசைச்சொல்லுக்கு உரை சொன்ன பழைய உரையாசிரியர், குட்டநாட்டார் தாயைத் தள்ளை என்பார்கள் என்று எழுதியிருக்கிறார். எந்த நாட்டார் வழக்கு என்பதைச் சொல்லித்தான் பொருளைச் சொல்கிறார். குமரி மாவட்டத்தில் இன்றும் ‘தள்ள’ என்றால் அம்மா. இடத்தின் பேரோடு எழுதிய குறிப்பு இத்தனை நூற்றாண்டு தாண்டியும் சரியாக நிற்கிறது. உங்கள் அடிக்குறிப்புக்காரரும் ‘சாளை’யின் முன் ‘எந்த ஊரில்?’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் மீன் வந்திருக்காது.

கேட்டால் பதில் சொல்லப் புத்தகமும் உண்டு. கரிசல் சொற்களுக்கு கி. ராஜநாராயணன் 1982இலேயே அகராதி கொண்டுவந்துவிட்டார். கொங்குக்கு பெருமாள்முருகன் தொகுத்த சொல்லகராதி 2000இல் வந்தது. கொங்குப் பேச்சில் தமிழில் நாவல் வரத் தொடங்கி எண்பது வருடம் தாண்டிவிட்டது, ‘நாகம்மாள்’ வந்தது 1942இல். பொது அகராதி ஒன்றை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய இன்றைக்கு எந்த அவசியமும் இல்லை.

நான் கேட்பவை இவை.

மூன்றாம் அச்சை நிறுத்தி வையுங்கள். ஆசிரியரின் ஏழு பக்கச் சொல்விளக்கத்தை, அவர் வைத்த வரிசையிலேயே, அவர் பேரோடு திரும்பச் சேருங்கள். மூலத்தில் திருத்திய இடங்களை எல்லாம் பழையபடி ஆக்குங்கள். நான் ஒத்துப் பார்த்ததில் ‘கவலையை’ உட்பட பதினாறு இடங்கள் அகப்பட்டன, பக்க எண்களோடு பட்டியலை இரண்டாவது கடிதத்தில் இணைத்திருக்கிறேன். ஏற்கெனவே விற்ற பிரதிகளுக்குப் பிழைதிருத்தத் தாள் ஒன்று அச்சடித்துக் கடைகளுக்கு அனுப்புங்கள், அதில் முதல் வரியாகச் சாளை இருக்கட்டும்.

அடிக்குறிப்புகளில், தெரிந்த சொல்லின் முகத்தோடு வந்து ஏமாற்றுபவற்றுக்கு மட்டும், அந்தச் சொல் முதலில் வரும் பக்கத்தில் ஒரே ஒரு தடவை குறிப்பு போடுங்கள். காடு, தோட்டம், கவலை, பொழுதோட, சாளை, இப்படி. மற்றவற்றை எடுத்துவிடுங்கள். ஒப்பாரியிலும் பாட்டிலும் எந்த எண்ணும் வேண்டாம். ஆசிரியர் விளக்காமல் விட்ட பொருள்கள் ஏதாவது இன்றைய வாசகருக்குத் தேவை என்று தோன்றினால், கடைசியில் ‘பதிப்பாளர் சேர்த்தவை’ என்று தனியாகத் தலைப்பிட்டு, எழுதியவர் பேரையும் போட்டு, ஒற்றைச் சொல்லாக இல்லாமல் இரண்டு மூன்று வரியாக எழுதுங்கள். அச்சுக்குப் போகும் முன் அந்தப் பக்கத்து ஊரில் அறுபது வயது தாண்டிய இருவரிடம் படித்துக் காட்டுங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். அடுப்படிச் சொற்களும் ஆட்டுப்பட்டிச் சொற்களும் ஆண்களுக்குப் பாதிதான் தெரியும்.

முதல் பதிப்பு உங்கள் அலுவலகத்தில் இல்லை என்று தொலைபேசியில் பேசியவர் சொன்னார். என் பிரதியை நகலெடுத்துக்கொள்ளத் தருகிறேன், ஆனால் தபாலில் அனுப்ப மாட்டேன், அந்த வேலையில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவள். ஆளை அனுப்புங்கள். ஓரத்தில் இருக்கும் பென்சில் எழுத்து என் மருமகளுடையது, அதை நகலில் சேர்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
முதல் பதிப்பை இன்னும் வைத்திருக்கும் வாசகி